வெயிலில் கறுத்த தோல்: வயலில் இருந்து கடற்கரைக்கு



கோடை வந்தால் சுவிஸில் வளரும் எங்கள் பிள்ளைகள் இரண்டு விதமான பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏரிக்கரையில் வகுப்புத் தோழிகள் எண்ணெய் பூசிக்கொண்டு, புரண்டு புரண்டு படுத்து, நிறம் வந்துவிட்டதா என்று ஒருவர் கையை ஒருவர் பார்ப்பார்கள். வீட்டில் அம்மம்மா, "வெயிலுக்க நிக்காத பிள்ள, கறுத்துப் போவாய்" என்பார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் அந்தத் தோழிகளின் குடும்பங்களிலும் பாட்டிமார் எங்கள் அம்மம்மா சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எப்படித் தலைகீழானது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பழைய சாட்சி. உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில் பேசும் பெண், தன் நிறத்தை வைத்துத் தன்னைப் பார்க்க வேண்டாம் என்கிறாள். வெயில் பட்டதால் வந்த நிறம் அது. சகோதரர்கள் கோபித்துத் தன்னைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பினார்கள் என்று காரணமும் சொல்கிறாள். இதைப் பலர் அழகைப் பற்றிய வசனமாக மட்டும் வாசிக்கிறார்கள். எனக்கு அது வேலையைப் பற்றியதாகவும் தெரிகிறது. வெளியில் வேலை செய்பவர் கறுத்தார், வீட்டுக்குள் இருக்க வசதியுள்ளவர் கறுக்கவில்லை. தோலைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவிலும் இதே கணக்குத்தான். பெரும்பாலான மக்கள் வயலில் உழைத்த காலத்தில், வெளுத்த முகம் "எனக்கு வயல் வேலை இல்லை" என்று சொல்லாமல் சொன்னது. அதைக் காப்பாற்றப் பெரிய இடத்துப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பயணம் போகும்போது முகம் முழுவதையும் மறைக்கும் கறுப்பு வெல்வெட் முகமூடி அணிந்தார்கள். அதைக் கட்ட நாடா கிடையாது. உட்புறத்தில் ஒரு மணி இருக்கும், அதைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும். அப்படியானால் வழி முழுக்க வாய் திறந்து ஒரு சொல் பேச முடியாது! 2010இல் நார்த்தம்டன்ஷயரில் ஒரு பழைய வீட்டின் சுவருக்குள் இருந்து இப்படி ஒரு முகமூடி கிடைத்தது. முகத்தை இன்னும் வெளுப்பாக்க ஈய வெள்ளையும் பூசினார்கள். ஈயம் நஞ்சு என்பது தாதியான நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கு குழம்பத் தொடங்கியது. ஏழைகள் வயலை விட்டு ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பின் வெளியே வந்தார்கள். நிலக்கரிப் புகை நகரத்தின் வெயிலை மறைத்தது. பிள்ளைகளின் கால் எலும்புகள் வளைந்தன. ரிக்கெட்ஸ் என்ற அந்த நோயை ஜெர்மன் மொழியில் "ஆங்கிலேய நோய்" என்றே அழைத்தார்கள். இப்போது வெளுத்த முகம் தொழிலாளியிடமும் இருந்தது. ஆனாலும் கறுத்த முகம் உடனே நாகரிகமாகிவிடவில்லை. அதற்கு வைத்தியர்கள் வர வேண்டியிருந்தது.

அந்தக் கதையின் முக்கியமான இடம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வோ மாநிலத்தில், மலைமேல் உள்ள லெசான் என்ற ஊர். ஓகுஸ்ட் ரோலியே என்ற வைத்தியர் 1903இல் அங்கே காசநோயாளருக்கு வெயில் வைத்தியம் தொடங்கினார். அதே ஆண்டில்தான் டென்மார்க்கின் நீல்ஸ் பின்சன், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக நோபல் பரிசு பெற்றார். ரோலியே எடுத்துக்கொண்டது பெரும்பாலும் எலும்பிலும் மூட்டிலும் வரும் காசநோய். அதற்கு அப்போது மருந்து இல்லை. கத்தியால் வெட்டி எடுப்பார்கள், பலர் ஊனமானார்கள்.

அவருடைய முறை மிகவும் கவனமானது. நோயாளி வந்ததும் வெயிலில் தூக்கிப் போடமாட்டார். முதலில் மலைக்காற்றுக்குப் பழகவிடுவார். பிறகு கட்டிலை மாடத்துக்குத் தள்ளி, தலையை மறைத்து, முதல் நாள் பாதத்தை மட்டும் ஐந்து நிமிடம் வெயிலில் காட்டுவார். அடுத்த நாள் பாதத்துக்கு நேரம் கூடும், முழங்காலுக்குக் கீழே புதிதாக ஐந்து நிமிடம். இப்படி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கடைசியில் உடல் முழுவதும். தோல் சிவந்து எரிந்தால் அது பிழை. எரியாமல் மெல்ல மெல்லக் கறுக்க வேண்டும். நன்றாகக் கறுப்பவர் நன்றாகக் குணமாவார் என்று ரோலியே நம்பினார். பனி மூடிய மலையில், இடுப்பில் ஒரு துணியோடு, மரப்பலகை போலக் கறுத்த பிள்ளைகள் நிற்கும் படங்கள் உலகெங்கும் போயின. தோல் கறுப்பது சுகத்தின் அடையாளம் என்று படித்தவர்கள் பார்த்தது அங்கேதான்.

வெயில் உண்மையில் என்ன செய்தது? ரிக்கெட்ஸுக்குப் பதில் தெளிவு. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புறஊதாக் கதிர் விளக்கின் கீழ் பிள்ளைகளின் எலும்பு தேறுவதைக் காட்டினார். தோல் அந்தக் கதிரைக் கொண்டு வைட்டமின் டி செய்கிறது என்பது பின்னர் புரிந்தது. காசநோயில் அவ்வளவு தெளிவில்லை. லெசானில் ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. எது எவ்வளவு உதவியது என்று பிரிப்பது கடினம். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு, வெயில் வைத்தியத்துக்கு வேலை இல்லாமல் போனது.

நாகரிகம் இதற்குப் பின்னால்தான் வந்தது. கொக்கோ ஷனேல் 1923இல் கப்பல் பயணம் போய்க் கறுத்து வந்ததால் எல்லாம் மாறியது என்று பெண்கள் பத்திரிகைகளில் எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ரோலியே அதற்கு இருபது வருடம் முந்தியவர். ஆனால் அந்த 1923 கோடையில் வேறொன்று நடந்தது. பிரான்சின் தென் கடற்கரை அதுவரை பணக்காரரின் குளிர்கால இடம். கோடையில் ஹோட்டல்களைப் பூட்டிவிடுவார்கள். ஜெரால்ட், சாரா மேர்பி என்ற அமெரிக்கத் தம்பதியர் ஆன்டீபில் ஒரு ஹோட்டலைக் கோடையிலும் திறந்து வைக்கச் சம்மதிக்க வைத்தார்கள். வெயிலில் படுப்பதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1935இல் லோரியால் நிறுவனம் வெயிலில் பூசும் எண்ணெயை விற்றது. 1936இல் பிரான்சில் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. கறுத்த தோல் இப்போது "நான் ஆலைக்குள் இல்லை, கடற்கரைக்குப் போய் வந்தேன்" என்று சொன்னது. சொல்லும் தோல் மாறியதே தவிர, அது சொல்லும் செய்தி பழையதுதான்: எனக்கு உழைக்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் ஊர்களில் ஏன் இது புரளவில்லை என்று கேட்பீர்கள். அங்கே வெயிலில் நிற்பவர் இன்னும் வயலிலும் கடலிலும் வீதி வேலையிலும் நிற்பவர்தான். அதற்கு மேல் சாதியும், வெள்ளைக்காரர் ஆட்சியும் நிறத்துக்கு வேறு பாரங்களை ஏற்றிவிட்டன. ஒன்றையும் கவனியுங்கள்: ஐரோப்பாவில் மதிப்புப் பெற்றது வெள்ளைத் தோலில் சில வாரம் இருந்து போகும் கறுப்பு மட்டுமே. பிறவியிலேயே கறுப்பானவரை அந்த நாகரிகம் உயர்த்திவிடவில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தோல் கறுப்பது என்பது, கதிர் கலங்களைச் சேதப்படுத்தும்போது உடல் மெலனினால் போடும் குடை. 1928இலேயே புறஊதாக் கதிரால் எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வருவதை ஜி. எம். பின்ட்லே காட்டிவிட்டார். நாகரிகம் அதைக் காதில் வாங்கவில்லை. 2009இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சோலாரியக் கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்தது. சுவிஸில் 18 வயதாகாதவர்கள் சோலாரியத்துக்குப் போக இன்று சட்டம் இடம் கொடுப்பதில்லை. உங்கள் தோழி கூப்பிட்டால் இதைச் சொல்லுங்கள். மறுபக்கம், வெயிலே படாமல் இருக்கும் எங்கள் பெண்களுக்கும் இந்த நாட்டுக் குளிர்காலம் நல்லதல்ல. மெலனின் கூடிய தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி செய்ய அதிக நேர வெயில் வேண்டும். உடம்பு உளைவு, களைப்பு என்று நீண்ட நாள் இருந்தால், குடும்ப வைத்தியரிடம் இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லி அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.