விலை உழைப்பு விகிதம்: மலிவாகத் தெரியும் பங்கு உண்மையில் மலிவானதா?

கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு வாங்க நினைப்பவர்கள் முதலில் கேள்விப்படும் கணக்குகளில் ஒன்று விலை உழைப்பு விகிதம். ஆங்கிலச் சுருக்கத்தில் இதனை பி.ஈ. என்பர். ஒரு நிறுவனத்தின் வருடாந்தத் தேறிய இலாபத்தை மொத்தப் பங்குகளால் வகுத்தால் வருவது பங்கொன்றுக்கான உழைப்பு. பங்கின் சந்தை விலையை அந்த உழைப்பால் வகுத்தால் கிடைப்பதே இந்த விகிதம். ஒரு ரூபா இலாபத்துக்குச் சந்தை எத்தனை ரூபா கொடுக்கிறது என்பதை இது காட்டுகிறது.

விகிதம் குறைவென்றால் பங்கு மலிவு, கூடினால் விலை அதிகம் என்பதே பலரின் எண்ணம். ஆனால் வகுக்கும் எண்ணான இலாபம் வழமையான ஒன்றாக இல்லாதபோது இந்த எண்ணம் பிழைத்துவிடும்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டொலரைக் கையிருப்பில் வைத்திருந்த ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்கில் இது நாணயமாற்று இலாபமாகப் பதிவானது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் பங்கு விலை 60 ரூபா, பங்கொன்றுக்கான உழைப்பு 20 ரூபா என்றால் விகிதம் 3. மிக மலிவாகத் தெரியும். அந்த 20 ரூபாவில் 14 ரூபா நாணயமாற்று இலாபம் என்றால், தொழிலில் உழைத்தது 6 ரூபா மட்டுமே. அதன்படி விகிதம் 10. 2023இல் நடந்தது போல ரூபா மீண்டும் வலுவடைந்து, பங்கொன்றுக்கு 2 ரூபா நாணயமாற்று நட்டம் ஏற்பட்டால் உழைப்பு 4 ரூபாவாகும். பங்கு விலை மாறாமலே விகிதம் 15 ஆகிவிடும். 3 என்ற எண்ணை நம்பி வாங்கியவருக்கு அப்போதுதான் உண்மை தெரியவரும்.

உயர்ந்த விகிதமும் இவ்வாறே ஏமாற்றலாம். 2008இன் நிதி நெருக்கடியில் ஐக்கிய அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுடைய இலாபம் சரிந்தது. இதனால் 2009இல் எஸ் அன்ட் பி 500 சுட்டெண்ணின் விகிதம், முந்தைய 12 மாத இலாபத்தின்படி 100ஐத் தாண்டியது. ஆனால் அது பங்குகள் விலையேறியிருந்த காலமல்ல. அந்த ஆண்டு மார்ச்சில்தான் சுட்டெண் 12 ஆண்டுகளில் காணாத அளவுக்கு வீழ்ந்திருந்தது. விகிதத்தை மட்டும் பார்த்து ஒதுங்கியவர்கள் அதன்பின் வந்த ஏற்றத்தைத் தவறவிட்டனர்.

ஆகவே விகிதத்தைப் பார்த்ததும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள். ‘ஏனைய வருமானம்’, ‘நிதி வருமானம்’ ஆகிய வரிகளில் காணி விற்பனை, நாணயமாற்று இலாபம் போன்ற ஒருமுறை வரவுகள் இருந்தால், அவற்றைக் கழித்துவிட்டு விகிதத்தை மீண்டும் கணியுங்கள். ஐந்து ஆண்டுகளின் உழைப்பை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஓர் ஆண்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். நிறுவனம் நட்டத்தில் இருந்தால் இந்த விகிதத்துக்குப் பொருளே இல்லை.