நெருக்கடியிலும் நிறுத்த இயலாத உரிமைகள்

நாட்டிற்குப் பேரிடர் நேரும்போது குடிமக்களின் உரிமைகளுள் சிலவற்றை அரசு சிறிது காலத்திற்கு நிறுத்திவைக்கலாமா? நிறுத்திவைக்கலாம் என்றால், எந்த எல்லை வரையில்? மிகப் பழமையான இவ்வினாவிற்கு உலக நாடுகள் ஒன்றுகூடி எழுத்து வடிவில் விடை கண்டது அண்மைக் காலத்திலேதான். குடிமை உரிமைகளையும் அரசியல் உரிமைகளையும் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையை 1966ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. 1976 மார்ச் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் உறுப்பில் இவ்வினாவிற்குரிய விடை அமைந்துள்ளது.

அவ்வுறுப்பு அரசுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. அக்கதவில் நுழைவதற்குச் சில நிபந்தனைகளையும் வைக்கிறது. நாட்டின் வாழ்வுக்கே ஊறு விளைக்கும் நெருக்கடி இருத்தல் வேண்டும். அந்நெருக்கடி ஊரறியப் பறைசாற்றப்பெறுதல் வேண்டும். எடுக்கும் நடவடிக்கை நிலைமைக்கு எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவோடு நிற்றல் வேண்டும். இனம், நிறம், பால், மொழி, சமயம், குலம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு மக்களைப் பிரித்து நடத்தலாகாது. எந்தக் கடமையினின்று விலகுகிறோம், ஏன் விலகுகிறோம் என்பதை ஐக்கிய நாடுகளின் தலைமைச் செயலாளர் வழியாக ஏனைய நாடுகளுக்கு உடனே அறிவித்தல் வேண்டும். விலகல் முடிவுற்ற நாளையும் அவ்வாறே அறிவித்தல் வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழவேற்காட்டு ஏரியை ஒட்டிப் பசியாவரம் என்னும் மீனவச் சிற்றூர் உள்ளது. வங்கக் கடலில் புயல் உருவாகித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது என்று கொள்வோம். படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்றும், கரையோரக் குடும்பங்கள் மேட்டுநிலத்திலுள்ள பாதுகாப்பிடத்திற்குச் செல்ல வேண்டும் என்றும் அதிகாரிகள் ஆணையிடுகின்றனர். இஃது உரிமையை நிறுத்திவைத்தல் ஆகுமா? ஆகாது. நடமாடும் உரிமைக்குப் பொது ஒழுங்கின் பொருட்டும் மக்கள் நலத்தின் பொருட்டும் சட்டப்படி வரம்பு கட்டலாம் என்பதை அந்த உடன்படிக்கை அமைதிக் காலத்திற்கும் ஒப்புக்கொண்டிருக்கிறது. புயல் கரை கடந்ததும் தடையும் நீங்கிவிடும். எனவே இதற்கு நெருக்கடிநிலை வேண்டுவதில்லை. சாதாரணச் சட்டத்தால் முடியக்கூடிய செயலுக்கு நெருக்கடி அதிகாரத்தை நாடும் அரசு, இன்றியமையாமை என்னும் நிபந்தனையில் அப்போதே தவறிவிடுகிறது.

நான்காம் உறுப்பின் இரண்டாம் பகுதியே நம் கருத்துக்கு உரியது. எத்தகைய நெருக்கடியிலும் எந்த அரசும் தொடலாகாத உரிமைகளை அது வரிசைப்படுத்துகிறது. அவை ஏழு. உயிர் வாழும் உரிமை முதலாவது. சித்திரவதைக்கும் கொடுமையான நடத்தைக்கும் ஆளாகாதிருத்தல் இரண்டாவது. அடிமைத்தனத்திற்கு உட்படாதிருத்தல் மூன்றாவது. ஒப்பந்தக் கடனைத் தீர்க்க இயலாமையால் மட்டும் சிறைப்படாதிருத்தல் நான்காவது. செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்காகப் பின்னர்த் தண்டிக்கப்படாதிருத்தல் ஐந்தாவது. சட்டத்தின் முன் ஓர் ஆளாக மதிக்கப்பெறுதல் ஆறாவது. சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் உரிமை ஏழாவது.

இவ்வரிசையில் ஒன்று காணப்படவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருக்கக்கூடும். காரணமின்றிச் சிறைவைக்கப்படாமல் இருக்கும் உரிமையும், சிறைவைத்தது முறைதானா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையும் இங்கே இல்லை. அவ்வுரிமை இல்லாதபோது மற்ற ஏழும் என்னவாகும் என்பதை நம் நாட்டு வரலாறே காட்டியது.

1975ஆம் ஆண்டு ஜூன் 25 இரவு, உள்நாட்டுக் குழப்பம் என்னும் காரணத்தைக் கூறி நெருக்கடிநிலை பறைசாற்றப்பெற்றது. இரு நாள் கழித்து, ஜூன் 27 அன்று, குடியரசுத் தலைவர் அரசியலமைப்பின் 359ஆம் உறுப்பின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தார். சட்டத்தின் முன் சமத்துவம், உயிரும் உடல் விடுதலையும், கைதானவர்க்குரிய பாதுகாப்பு ஆகிய 14, 21, 22ஆம் உறுப்புகளின் உரிமைகளுக்காக எவரும் நீதிமன்றத்தை நாட முடியாது என்பது அவ்வாணை. உரிமைகள் ஏட்டில் இருந்தன. அவற்றைக் கேட்டுப் பெறும் வாயில் மூடப்பட்டது. மக்கள் ‘மிசா’ என்று வழங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பல்லாயிரவர் சிறைப்பட்டனர். அச்சட்டத்தில் அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு, கைதின் காரணத்தைக் கைதானவருக்குக்கூடச் சொல்லவேண்டுவதில்லை என்றது.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அமைச்சரவை நீக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அக்கட்சியினர் பலர் மிசாவின்கீழ்ச் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். பிப்ரவரித் தொடக்கத்தில் அச்சிறையினுள் அவர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். நாடாளுமன்ற உறுப்பினரும் சென்னையின் முன்னாள் மேயருமான சிட்டிபாபு அவர்களுள் ஒருவர். 1977 ஜனவரியில் அவர் உயிர்நீத்தார். நெருக்கடிநிலை நீங்கிய பின்னர் நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், கைதிகள் அடிக்கப்பட்டது உண்மையே என்று கண்டது. ஆனால் அவ்வுண்மை வெளிப்பட்ட காலத்தில் மாண்டவர் மாண்டிருந்தார். கொடுமைக்கு ஆளாகாதிருத்தல் எந்த அரசும் நிறுத்த இயலாத உரிமை. அது மீறப்பட்ட இடமோ, வெளியார் கண் புகாத சிறைக்கூடம். அக்கதவைத் திறந்து, “கைதியை எம் முன் கொணர்க” என்று ஆணையிடும் வல்லமை நீதிமன்றத்தின் ஆட்கொணர்வுப் பேராணைக்கே உண்டு.

அப்பேராணை நெருக்கடியிலும் கிடைக்குமா என்னும் வினா அதே வேளையில் உச்சநீதிமன்றத்தின் முன் இருந்தது. காவலாணை சட்டத்திற்குப் புறம்பானது என்றோ தீய நோக்குடையது என்றோ ஒருவர் முறையிட்டால் அதனைக் கேட்கலாம் என்று ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கூறியிருந்தன. அரசு மேல்முறையீடு செய்தது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நீதிபதி வழக்கு என்று அறியப்பெறும் அவ்வழக்கை ஐந்து நீதிபதிகள் கேட்டனர். நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரான நிரேன் டேயை ஒரு வினாக் கேட்டார். காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் பரிகாரம் இல்லையா என்பது அவ்வினா. தமது வாதத்தின்படி நெருக்கடிநிலை நீடிக்கும்வரை நீதிமன்றப் பரிகாரம் இல்லை என்றே அவர் விடையளித்தார்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வெளிவந்தது. அனைத்துலக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து அப்போது ஐந்து வாரமே ஆகியிருந்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். உயிருக்கும் விடுதலைக்கும் 21ஆம் உறுப்பே ஒரே உறைவிடம்; அதன் வாயில் அடைக்கப்பட்டபின் வேறு வழியில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். கன்னா ஒருவரே மறுத்தார். அரசியலமைப்புத் தோன்றுவதற்கு முன்னும் சட்டத்தின் இசைவின்றி எவர் உயிரையும் பறிக்க அரசுக்கு அதிகாரம் இருந்ததில்லை. ஆகவே ஓர் உறுப்பை நிறுத்துவதால் அவ்வதிகாரம் புதிதாகப் பிறந்துவிடாது என்பது அவர் கருத்து. 1977 ஜனவரியில் அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

நெருக்கடிநிலை 1977 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்து வந்த நாடாளுமன்றம் 44ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. உள்நாட்டுக் குழப்பம் என்னும் சொற்றொடர் நீக்கப்பட்டு, ஆயுதமேந்திய கிளர்ச்சி என்பது அவ்விடத்தில் வைக்கப்பட்டது. 20, 21ஆம் உறுப்புகளுக்காக நீதிமன்றத்தை நாடுவதை இனி எந்த ஆணையாலும் தடுக்க முடியாது என்பதும் சட்டமாயிற்று. இந்தியா அனைத்துலக உடன்படிக்கையில் சேர்ந்ததும் அதே காலத்தில், 1979 ஏப்ரல் 10 அன்று. பழைய தீர்ப்போ நெடுங்காலம் ஏட்டில் இருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை வெளிப்படையாகத் தள்ளியது. அவ்வாறு எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மையுடன் நின்ற நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டின் மைந்தர்.

நம் அரசியலமைப்பையும் உடன்படிக்கையையும் அருகருகே வைத்து நோக்கினால் இரண்டும் ஒன்றல்ல என்பது விளங்கும். உடல் விடுதலை உடன்படிக்கையின் வரிசையில் இல்லை. நம் 21ஆம் உறுப்பில் அஃது உயிரோடு சேர்ந்தே உள்ளது. இதில் நாம் ஒரு படி முன்னே நிற்கிறோம். மற்றொரு புறம், மனச்சான்று உரிமையும் அடிமைத்தனத் தடையும் உடன்படிக்கையில் தொடலாகாதவை. நம் 359ஆம் உறுப்போ 20, 21 ஆகிய இரண்டை மட்டுமே காக்கிறது. அன்றியும், தடுப்புக் காவலை நம் 22ஆம் உறுப்பே அனுமதிக்கிறது. உடன்படிக்கையில் இந்தியா அதற்கு இடம்வைத்தே சேர்ந்தது.

உலக அரங்கிலும் வரிசையின் குறை பின்னர் உணரப்பட்டது. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 1987இல் ஒரு கருத்துரை வழங்கியது. ஆட்கொணர்வு மனுவே உயிரையும் உடலையும் காக்கும் கருவி; ஆகவே அதனையும் நிறுத்த இயலாது என்றது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு 2001இல் வெளியிட்ட 29ஆம் பொதுக் கருத்துரையில் இதே முடிவைக் கூறியது. சென்னைச் சிறையில் நிகழ்ந்தது இம்முடிவின் நியாயத்தைத் தெளிவாகக் காட்டும். சித்திரவதை கூடாது என்று எழுதிவைத்துவிட்டு, சிறைக்கதவைத் தட்டும் உரிமையைப் பறித்தால், எழுதியது வீண்.

மற்றோர் இடர் நெருக்கடியைப் பறைசாற்றாமலே நெருக்கடி அதிகாரத்தைக் கையாள்வது. 1997இல் அக்குழு இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்தபோது, கலவரப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட சில இடங்களில் பல்லாண்டுகளாக இவ்வாறு நடப்பதையும், உடன்படிக்கை கோரும் அறிவிப்பு அனுப்பப்படாததையும் சுட்டி வருந்தியது. பறைசாற்றப்பட்ட நெருக்கடிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நாடாளுமன்றத்தில் விவாதமும் உண்டு. பறைசாற்றப்படாத நெருக்கடிக்கு இவை எவையும் இல்லை.

ஆகவே நெருக்கடிக் காலத்து ஆணை ஒன்றைக் காணும் குடிமகன் வினவ வேண்டியவை சில. இது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதா? என்று முடியும் என்பது தெரியுமா? சாதாரணச் சட்டம் போதாதா? இவற்றிற்கு நல்ல விடை கிடைத்தாலும் இறுதியான வினா ஒன்று எஞ்சும். இவ்வாணையின்கீழ்ப் பிடிக்கப்பட்டவரை நீதிபதி ஒருவர் நேரிற் காண முடியுமா? முடியும் என்றால் ஏழு உரிமைகளும் உயிரோடிருக்கின்றன. முடியாது என்றால், அவை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும், அவற்றைக் காப்பார் இல்லை.