மதுவின் சுவையை மறைக்கப் போன பழரசம்

1980களின் இறுதியில் கனடாவின் லண்டன் நகரில் (ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ளது) டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர் ஒரு சின்னக் கேள்வியோடு இருந்தார். ஃபெலோடிபின் என்ற பிரஷர் குளிசை எடுப்பவர் மது குடித்தால் என்ன நடக்கும்? சோதிக்க வருபவருக்குத் தான் குடிப்பது மதுவா வெறும் பானமா என்று தெரியக்கூடாது. அதற்கு மதுவின் சுவையை மறைக்க ஏதாவது வேணும். ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த ஜூஸ்களை எல்லாம் கலந்து குடித்துப் பார்த்தார். சுவையை நன்றாக மறைத்தது கிரேப்ஃப்ரூட் ஜூஸ்தான்.

சோதனை முடிந்தது. ஆனால் முடிவுகள் புதிராக இருந்தன. மது குடித்தபோதும் குடிக்காதபோதும், இரண்டு தடவையும் இரத்தத்தில் ஃபெலோடிபினின் அளவு மற்ற ஆய்வுகளில் கண்டதை விடப் பல மடங்கு கூடியிருந்தது. அப்படியென்றால் குற்றவாளி மது இல்லை. இரண்டு தடவைக்கும் பொதுவாக இருந்தது ஜூஸ் மட்டும்தான். பெய்லி தன் உடம்பிலேயே சோதித்தார். ஒருநாள் குளிசையைத் தண்ணியோடும், இன்னொருநாள் கிரேப்ஃப்ரூட் ஜூஸோடும் எடுத்தார். ஜூஸோடு எடுத்தபோது இரத்தத்தில் மருந்து ஏறக்குறைய ஐந்து மடங்கு.

1991இல் ‘லான்செட்’ இதழில் ஆறு பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. தண்ணியோடு எடுத்ததைவிட, கிரேப்ஃப்ரூட் ஜூஸோடு எடுத்தபோது உடம்புக்குள் போன ஃபெலோடிபின் சராசரியாக 2.8 மடங்கு. தோடம்பழ ஜூஸ் எதுவும் செய்யவில்லை.

இது எப்படி நடக்கிறது? நாங்கள் விழுங்கும் மருந்து முழுதும் இரத்தத்துக்குப் போவதில்லை. சிறுகுடலின் உட்சுவர்க் கலங்களில் சிப் 3ஏ4 என்றொரு நொதியம் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, உள்ளே வரும் மருந்தின் பெரும்பகுதியை அங்கேயே உடைத்துவிடும். மிஞ்சியதை ஈரலும் உடைக்கும். ஃபெலோடிபினில் கடைசியில் இரத்தத்துக்கு வருவது சுமார் 15 சதவீதந்தான். 5 மில்லிகிராம் குளிசையில் 0.75 மில்லிகிராம் என்று வையுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்வதே இந்த இழப்பைக் கணக்கில் எடுத்துத்தான்.

கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபூரனோகூமரின் எனப்படும் பொருட்கள் இந்தக் காவலாளியைச் செயலிழக்கச் செய்கின்றன. அப்போது அதே குளிசையில் இருந்து 2 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போய்விடும். ஒரு குளிசை போட்டவர் மூன்று போட்ட மாதிரி. இரத்த அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கும், தலை சுத்தும்.

1997இல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. சில நாட்கள் தொடர்ந்து ஜூஸ் குடித்தவர்களின் குடலில் அந்த நொதியம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஈரலில் மாற்றமில்லை. அதனால்தான் அதே மருந்தை நரம்பு ஊசியாகக் கொடுத்தால் ஜூஸால் பெரிய மாற்றம் வராது.

‘காலையில் ஜூஸ், இரவில் குளிசை’ என்று நேரத்தைப் பிரித்தால் போதாதா? போதாது. அழிந்த நொதியம் திரும்பி வராது. குடல் புதிதாகச் செய்யவேணும். அதற்கு ஓரிரு நாட்கள், சில வேளை மூன்று நாட்கள் வரை எடுக்கும்.

இனி எங்கள் ஊர்ப்பக்கக் கதை. கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாசும் தோடையும் கலந்து பார்படோஸ் தீவில் உருவான பழம். பம்பளிமாசு, சிங்களத்தில் ஜம்போல, அதன் தாய்ப்பழம். தாயிலும் ஃபூரனோகூமரின் உண்டு. வகைக்கு வகை அளவு மாறும். 2003இல் ஜப்பானில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் பம்பளிமாசு சாப்பிட்ட பிறகு, அவர் எடுத்த டக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் சட்டென்று ஏறியது பதிவாகியிருக்கிறது. அந்த மருந்து கூடினால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

எல்லாக் குளிசைக்கும் பயப்படத் தேவையில்லை. நீரிழிவுக்கு எடுக்கும் மெட்போர்மினை இந்த நொதியம் உடைப்பதேயில்லை. கொலஸ்ட்ரோலுக்கு எடுக்கும் சிம்வஸ்டட்டினுக்குப் பாதிப்பு அதிகம், அட்டோர்வஸ்டட்டினுக்குக் குறைவு, ரொசுவஸ்டட்டினுக்கு இல்லையென்றே சொல்லலாம். ஆளுக்கு ஆள் குடலில் நொதியத்தின் அளவும் வேறு. அதனால் ஒருவருக்கு ஒன்றும் ஆகாதது இன்னொருவருக்கும் ஆகாது என்றில்லை.

வீட்டில் அம்மம்மா கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிறா என்றால் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். சிம்வஸ்டட்டின் எடுத்துக்கொண்டு இந்தப் பழமும் சாப்பிடுகிறவர், காரணமில்லாமல் தசை நோகுது, சிறுநீர் கடும் தேயிலைச் சாய நிறத்தில் போகுது என்றால் அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப்போகவேணும். மற்றபடி குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். பழத்தை விட்டுவிட்டு, மருந்து தருபவரிடம் ‘இதோடு பம்பளிமாசு சாப்பிடலாமா?’ என்று கேட்டால் போதும்.