ஸ்டீராய்டு எதற்குச் சாட்சி? குழந்தைகளின் மினிமல் சேஞ்ச் நோயும் 1974ஆம் ஆண்டுக் கருதுகோளும்

ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் அடங்குகிறது. ஸ்டீராய்டு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. ஆகவே இது நோயெதிர்ப்புக் கோளாறுதான். குழந்தைகளின் மினிமல் சேஞ்ச் நோயைப் பற்றிய எழுத்துகளில் இந்த மூன்று வரித் தருக்கம் அரை நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. முடிவு ஏறத்தாழ சரியாகவே இருக்கலாம். ஆனால் முதல் இரண்டு வரிகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். ஸ்டீராய்டின் செயலில் இரு வேறு வேகங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் குழைத்ததால், நோய் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற கணக்கும் குழம்பியிருக்கிறது.

தருக்கத்தின் மூலம் ஷல்ஹூப் 1974இல் 'லான்செட்' இதழில் எழுதிய சிறு கட்டுரை. டி செல்களின் ஒரு கோளாறால் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலக்கிறது. அது குற்றமற்ற சிறுநீரக வடிகட்டியைத் தாக்குகிறது என்பது அவர் கருதுகோள். அவர் அடுக்கிய சான்றுகளில் முக்கியமானவை நான்கு. வடிகட்டியில் எதிர்ப்பொருள் படிவு காணப்படவில்லை. தட்டம்மை வந்தால் நோய் தணிகிறது. ஹாட்ஜ்கின் நோயுள்ளவர்களுக்கு இது வருகிறது. ஸ்டீராய்டுக்கும் சைக்ளோபாஸ்பமைடுக்கும் கட்டுப்படுகிறது. பின்னால் வந்தவர்கள் இந்த நான்கையும் ஒரே கட்டாகவே கையாண்டார்கள். பிரித்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் எடை வேறாக இருக்கிறது.

முதலில் தட்டம்மை. ஸ்டீராய்டு வருவதற்கு முன், 1940களில், நெஃப்ரோடிக் குழந்தைகளின் வீக்கம் தட்டம்மைக்குப் பின் வடிந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். 1974இல் இதற்குக் கிடைத்த இயல்பான விளக்கம், தட்டம்மை டி செல்களை ஒடுக்குகிறது என்பது. இன்று அந்த வைரஸ் நுழையும் வாயில் தெரியும்: நினைவு டி செல்களிலும் பி செல்களிலும் ஒருசேர இருக்கும் சிடி150 என்ற ஏற்பி. தட்டம்மை கண்ட குழந்தைகள் அதற்கு முன் சேர்த்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் கணிசமான பகுதியை இழக்கிறார்கள் என்று 2019இல் காட்டப்பட்டது. ஆகவே தட்டம்மை டி, பி என்ற இரு தரப்புக்கும் பொதுச் சாட்சி.

ஹாட்ஜ்கின் சான்றும் இப்படித்தான். அந்தப் புற்றுநோயின் அடையாளமான பெரிய செல்கள் பி செல் வழிவந்தவை என்பது 1990களில்தான் தெளிவாயிற்று. ஹாட்ஜ்கினில் டி செல் செயல்பாடு குன்றுவது உண்மை. ஆனால் அந்தக் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, புற்றுநோய்ச் செல் எந்த இனம் என்பதை விட்டுவிட இப்போது இடமில்லை.

படிவு இல்லை என்ற முதல் சான்றுதான் பலமானது. அதுவும் அசைந்திருக்கிறது. வடிகட்டிச் சுவரின் வெளிப்புறத்தைக் கால்விரல்கள் கோத்ததுபோல் மூடியிருப்பவை போடோசைட் செல்கள். விரல்களுக்கு இடையிலான இடுக்கை அடைக்கும் திரையின் முதன்மைப் புரதம் நெஃப்ரின். இந்நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் நெஃப்ரினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதையும், அவர்களின் திசுச்சோதனையில் நெஃப்ரின் இருக்கும் இடத்திலேயே நுண்புள்ளிகளாக ஐஜிஜி இருப்பதையும் 2022இல் பாஸ்டன் குழுவினர் காட்டினர். 2024இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வில், நெஃப்ரோடிக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் இந்த எதிர்ப்பொருள் இருந்தது. நோய் முனைப்பாக இருந்து இன்னும் மருந்து தொடங்காதவர்களை மட்டும் எடுத்தால் அது 90 சதவீதம். எலிகளுக்கு நெஃப்ரினைச் செலுத்தி எதிர்ப்பொருள் உண்டாக்கியபோது அவற்றுக்கும் புரதம் ஒழுகியது. வழக்கமான ஒளிர்வுச் சோதனையில் பின்னணித் தூசி என்று ஒதுக்கப்பட்ட புள்ளிகளில் சில, தேடிய சான்றாகவே இருந்திருக்கின்றன. எல்லா நோயாளியிடமும் இந்த எதிர்ப்பொருள் இல்லை. மீதிப்பேருக்கு வேறொரு காரணி இருக்கக்கூடும். டி செல்லின் உதவியின்றி பி செல் இவ்வாறு திசைமாறாது என்பதால் ஷல்ஹூப்பை முற்றாகத் தள்ளவும் நான் முனையவில்லை.

எஞ்சியது நான்காவது சான்று. டி, பி வழக்கில் அது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை என்பதே என் வாசிப்பு. காரணம் காலக்கணக்கு. ஐஜிஜி எதிர்ப்பொருளின் அரைஆயுள் ஏறத்தாழ 21 நாள். ஸ்டீராய்டு முதல் மாத்திரையிலேயே எதிர்ப்பொருள் உற்பத்தியை முழுதாக நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அப்படி நிறுத்துவதில்லை. அப்போதும் பத்தாம் நாளில் இரத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பொருள் மிஞ்சும். ஆனால் பல குழந்தைகளுக்குப் பத்து நாளை ஒட்டியே சிறுநீரில் புரதம் நின்றுவிடுகிறது. உற்பத்தி நின்றது மட்டும் இந்த வேகத்தை விளக்காது.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. நோய் முனைப்பாக இருக்கும்போது ஐஜிஜியும் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆகவே 21 நாள் என்ற கணக்கு இக்குழந்தைகளுக்குப் பொருந்தாது. இதை ஏற்கிறேன். ஆனால் அந்த வெளியேற்றமே போதுமென்றால், ஒவ்வொரு தாக்கமும் மருந்தில்லாமலே இரண்டு வாரத்தில் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டுக்கு முந்தைய காலத்தில் தானாகத் தணிந்தவர்கள் இருந்தார்கள்; அதற்கு வாரங்களும் மாதங்களும் பிடித்தன. மருந்து வேறு எதையோ செய்கிறது.

அந்த வேறொன்று போடோசைட்டிலேயே நடப்பதாகக் கருதுகிறேன். அச்செல்லில் ஸ்டீராய்டு ஏற்பி இருக்கிறது. வளர்ப்புத் தட்டில் வைத்த எலிப் போடோசைட்டுகளுக்கு டெக்ஸாமெதசோன் கொடுத்தபோது, செல்லின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகள் நச்சுக்குச் சிதையாமல் நின்றன என்று 2005இல் தெரியவந்தது. தட்டில் கண்டதைக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு நேராகப் பெயர்த்துவிட முடியாது. ஆனால் இதற்கு இணையான சான்று இன்னொரு மருந்திலிருந்து வருகிறது. சைக்ளோஸ்போரின் டி செல்லை அடக்கும் மருந்தாகவே அறிமுகமானது. போடோசைட்டின் ஆக்டினைக் கட்டிக்காக்கும் சினாப்டோபோடின் என்ற புரதம் சிதையாமல் அது நேரடியாகத் தடுக்கிறது என்று 2008இல் காட்டினார்கள்.

நேரடிச் செயல் இருந்தால், மரபணுக் குறையால் வரும் நெஃப்ரோடிக் நோயிலும் ஸ்டீராய்டு பலிக்க வேண்டுமே என்பார்கள். போடோசின் போன்ற ஒரு பாகமே பழுதாகப் பிறந்த செல்லை எந்த மருந்தாலும் மறுபடி கோக்க முடியாது. இந்த மறுப்பில் நிற்கத் தேவையில்லை.

ஆக, இரண்டு கடிகாரங்கள். போடோசைட்டின் கடிகாரம் நாள் கணக்கில் ஓடுகிறது. நோயெதிர்ப்பு நினைவின் கடிகாரம் மாதக் கணக்கில் ஓடுகிறது. ஸ்டீராய்டு முதலாவதை விரைந்து திருத்துகிறது, இரண்டாவதை மேலோட்டமாகத் தொடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் ஒருமுறையேனும் திரும்புவதன் காரணம் இதுதான். பிற மருந்துகளும் இந்தப் பிரிவுக்கு இணங்குகின்றன. சைக்ளோஸ்போரினை நிறுத்தினால் நோய் பெரும்பாலும் சீக்கிரமே திரும்புகிறது. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாபோ ஊசி நின்ற பிறகும் காக்கிறது. 2014இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் நோயின்றிக் கழிந்த இடைநிலைக் காலம் 267 நாள்; போலி மருந்து பெற்றவர்களுக்கு 101 நாள். பி செல்கள் இரத்தத்தில் மீண்ட பிறகே பெரும்பாலும் நோயும் மீள்கிறது. ரிட்டுக்ஸிமாப் போடோசைட்டையும் தொடுகிறது என்ற வாதம் உண்டு. மருந்து உடலை விட்டு நீங்கி மாதங்களுக்குப் பிறகும் பலன் நிற்பதை அது விளக்குவதில்லை.

இதை ஒரு குழந்தையின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஐந்து வயது, 18 கிலோ, 108 செ.மீ. உயரம். உடற்பரப்பு ஏறத்தாழ 0.73 சதுர மீட்டர். சளி பிடித்த இரண்டாம் நாள் காலைச் சிறுநீரில் பட்டை 2+ காட்டுகிறது. அன்றே மருந்து தொடங்குவது தவறு. சளியோடு தலைகாட்டும் புரதம் பல சமயம் சளியோடே போய்விடும். அடுத்த மூன்று காலையும் 3+ அல்லது 4+ வந்தால்தான் அது மறுதாக்கம். சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டு விட்டுப் பார்க்கும் வீடுகளில், 4+ என்றால் சிறுநீர் பால் திரிந்ததுபோல் கட்டிகட்டியாகத் திரளும். அப்போது பிரெட்னிசலோன் சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் நாள்தோறும், இக்குழந்தைக்குச் சுமார் 45 மி.கி. கிலோவுக்கு 2 மி.கி. என்று கணக்கிட்டால் 36 மி.கி.தான் வரும், சிறு குழந்தைகளுக்கு எடைக் கணக்கு இப்படிக் குறைத்துக் கொடுத்துவிடும். வீக்கத்தோடு எடுத்த எடையோ கூட்டிக் கொடுத்துவிடும்.

ஒன்பது, பத்து, பதினொன்றாம் நாள்களில் பட்டையில் புரதம் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து இல்லையென்றால் தணிந்ததாகக் கொண்டு, சதுர மீட்டருக்கு 40 மி.கி. வீதம், அதாவது 30 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு வாரம் கொடுப்பது வழக்கம். கூட்டிப் பார்த்தால் முதல் பகுதி 495 மி.கி.; இரண்டாம் பகுதி 420 மி.கி. நோயை நிறுத்தியது 495. மற்ற 420, இன்னும் சில வாரம் நீட்டினால் நோயெதிர்ப்பு அடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்காகக் கொடுக்கப்படுவது. அதாவது பழைய தருக்கத்தின் மூன்றாம் வரிக்காக.

அந்த நம்பிக்கை சோதிக்கப்பட்டிருக்கிறது. முதல் தாக்கத்தில் 8 வாரத்தை 16 வாரமாக நீட்டிய பிரிட்டனின் 2019 ஆய்வில், நோய் திரும்பும் காலம் தள்ளிப்போகவில்லை. சளி தொடங்கியதும் சில நாள் குறைந்த அளவில் பிரெட்னிசலோன் கொடுத்தால் மறுதாக்கம் குறையும் என்று இலங்கையிலும் இந்தியாவிலும் நடந்த சிறிய ஆய்வுகள் கூறின. 2022இல் பிரிட்டனின் பெரிய ஆய்வு அந்தப் பலனைக் காணவில்லை. அடிக்கடி திரும்பும் நோய்க்குச் சிறிய அளவை நீண்டநாள் தொடர்வது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அது போடோசைட்டின் கடிகாரத்தைத் தொடர்ந்து பிடித்து நிறுத்தும் வேலை. பிடியை விட்டதும் பல குழந்தைகளுக்கு நோய் திரும்புவதே அதைக் காட்டுகிறது.

மறுதாக்கத்தில் அந்த நான்கு வாரத்தை இன்றே வெட்டலாம் என்று இதிலிருந்து கூற வரவில்லை. அதற்கான நிறுவல் இன்னும் போதாது. நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்த குழந்தைக்கு அட்ரீனல் சுரப்பி உறங்கியிருக்கும். மருந்தைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. ஆனால் இக்குழந்தைக்கு ஆண்டில் நான்கு முறை நோய் திரும்பினால் 1,680 மி.கி. இந்தப் பலன் நிறுவப்படாத பகுதியில் மட்டும் போகிறது. உயரம் தடைபட்டும் முகம் உப்பியும் நிற்கும் குழந்தைக்கு அடுத்த படி என்ன என்ற கேள்வியில், ஸ்டீராய்டை இன்னும் நீட்டுவது பலவீனமான விடை. லெவமிசோல், மைக்கோஃபெனோலேட், சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்ஸிமாப் ஆகியவற்றில் எது என்பதே சரியான கேள்வி. அதையும் முகம் உப்பிய பிறகு கேட்காமல், மறுதாக்கங்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும்போதே கேட்க வேண்டும். பதினொன்றாம் நாள் பட்டை நிறம் மாறாமல் நிற்பது, போடோசைட்டுகள் மறுபடி கோத்துக்கொண்டதற்குச் சாட்சி. நெஃப்ரினை எதிரியாக நினைவில் வைத்திருக்கும் செல் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பட்டை ஒன்றும் சொல்வதில்லை.