துன்புறுத்தல் பற்றி மாணவர் எழுதும் கடிதம்

துன்புறுத்தல் கடிதம் என்பது, சக மாணவர்களால் தொடர்ந்து கொடுமைக்கு உள்ளாகும் மாணவர் அதை வகுப்பாசிரியருக்கோ பள்ளி ஆலோசகருக்கோ தம் சொந்த வார்த்தைகளில் எழுதித் தெரிவிக்கும் சிறு கடிதம். விடுப்பு விண்ணப்பமும், தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு எழுதும் முறையீடும் தமிழ்ப் பாடத்திலேயே பழக்கப்படுகின்றன. ஆனால் துன்புறுத்தல் கடிதத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமல், பயத்தோடு, நோட்டிலிருந்து கிழித்த தாளில்தான் முதன்முதலாக எழுதுகிறார்கள்.

ஒரு நாள் சண்டையும் துன்புறுத்தலும் ஒன்றல்ல. 1982ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்ற செய்தி அந்நாட்டை உலுக்கியது. அதைத் தொடர்ந்து பள்ளிகளில் பெரிய அளவில் ஆய்வு நடத்திய உளவியலாளர் டான் ஒல்வெயஸ் துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருப்பவரிடம் செய்வது. “சின்னப் பசங்க விளையாட்டு” என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு கடிதம் அமைய வேண்டுமானால் இந்த மூன்றும் அதில் தெரிய வேண்டும். அதற்கு ஆய்வாளரின் மொழி தேவையில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாலே தெரிந்துவிடும்.

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் வட்டாரத்தில், நெய்வேலிச் சுரங்கத்தை அண்டிய பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிரந்தர ஊழியர் வீட்டுப் பிள்ளையும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காரக்கூடிய பகுதி அது. அவன் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “மிஸ், சில பசங்க என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கு வரவே பிடிக்கவில்லை. நடவடிக்கை எடுக்கவும்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியர் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வகுப்பில் நின்று “யாரும் யாரையும் தொந்தரவு செய்யாதீங்க” என்று பொதுவாகச் சொல்வதோடு அது முடிந்துவிடும். அதே மாணவன் இப்படி எழுதலாம். பெயர்களுக்குப் பதில் இங்கே எழுத்துகள்:

“மதிப்பிற்குரிய மிஸ், வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து க, ச இருவரும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியம் என் டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறார்கள். போன திங்கள்கிழமை சோற்றைக் கை கழுவுகிற இடத்தில் கொட்டினார்கள். ‘உங்கப்பன் காண்ட்ராக்ட்டுதானே, பொறுக்கித் தின்னு’ என்று க சொன்னான். மிஸ்ஸிடம் சொன்னால் பஸ்ஸில் அடிப்பேன் என்று ச சொன்னான். பக்கத்தில் இருந்த த பார்த்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. புதனும் வியாழனும் வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு போட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதை வகுப்பில் படிக்க வேண்டாம். அவர்களையும் என்னையும் ஒன்றாக நிறுத்திக் கேட்க வேண்டாம். சாயங்காலம் பஸ் ஏறும்வரை பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.”

“பள்ளி திறந்ததிலிருந்து”, “வாரத்தில் இரண்டு மூன்று நாள்” என்பவை, இது ஒரு நாள் சண்டையல்ல என்பதைக் காட்டிவிடுகின்றன. இடமும் நேரமும் இருப்பதால் நாளைக்கே அங்கே ஓர் ஆசிரியரை நிறுத்த முடியும். பார்த்தவன் பெயர் இருப்பதால் விசாரணை இவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நிற்காது. திட்டிய வார்த்தையை அப்படியே எழுதுவதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். “கெட்ட வார்த்தை சொன்னான்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வார்த்தை சாதியைக் குறித்ததா, உடலைக் குறித்ததா, அப்பாவின் வேலையைக் குறித்ததா என்பதைப் பொறுத்துப் பள்ளி எடுக்க வேண்டிய நடவடிக்கையே மாறும். எழுதக் கூசினால் முதல் எழுத்தை மட்டும் எழுதிவிட்டு, நேரில் சொல்கிறேன் என்று குறிப்பிடலாம். வயிற்றுவலி என்று பொய் சொன்னதை மறைக்காமல் எழுதியதும் நல்லதே. வருகைப் பதிவேட்டில் இருக்கும் அந்த இரண்டு நாள் இப்போது சான்றாகிவிடுகிறது.

கடைசி மூன்று வாக்கியங்கள்தான் கடிதத்தின் உயிர். ஏனென்று திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்தது சொல்லும். அவ்வூரைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவர் ஒருவர், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அது பள்ளியில் புகாரானது. 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். புகார் சொன்னதில் அந்த மாணவரிடம் எந்தப் பிழையும் இல்லை. புகாரைப் பெறுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால் இன்று இரவு இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?” என்பதுதான். இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைப்பது பல ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு செய்வது. சமபலம் உள்ளவர்களுக்கு இடையிலான சண்டையில் அது உதவும். ஒருவன் மற்றவனைக் கண்டு நடுங்கும் இடத்தில், யார் சொன்னார்கள் என்பதை அறிவிக்கவே அது பயன்படும்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர் எண்ணிக்கை 500ஐத் தாண்டும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். பாடம் நடத்துபவரும் புகார் கேட்பவரும் ஒருவராகவே இருந்தால், மதிப்பெண்ணுக்குப் பயந்தும் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வகையில் இது முக்கியமான பரிந்துரை.

சட்டப் பின்னணி கடலூர் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறது. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர் பொன் நாவரசு 1996இல் ராகிங்கின்போது கொல்லப்பட்டார். அதன் விளைவாக 1997இல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும் என்கிறது. செயல்படாமல் இருந்தால் அவரே குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார்.

ஆலோசகரிடம் கொடுக்கும் கடிதம் முழு ரகசியமாகவே இருக்கும் என்று மாணவருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் சீண்டல் இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை மாணவரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

கடிதத்தில் தேதி இருக்க வேண்டும். கொடுக்கும் முன் கையால் ஒரு பிரதி எழுதியோ கைப்பேசியில் படம் எடுத்தோ வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சில நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியருக்கு இரண்டாவது கடிதம் எழுதலாம். முதல் கடிதம் எந்தத் தேதியில் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதே அதன் முதல் வரியாக இருக்கட்டும். அடி, மிரட்டல் என்று அவசரமாகிவிட்டால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகியவற்றை மாணவரே அழைக்கலாம்.