பின்னே நகர்ந்த தலைப்பெழுத்து: தேர்வு விண்ணப்பத்தின் குடும்பப்பெயர்ப் பெட்டி குறித்து ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டு மாணவர் பெயரில் உள்ள தலைப்பெழுத்து சுருங்கிப்போன குடும்பப்பெயரே என்ற கருத்து பெயராய்வில் நெடுநாளாக நிலவிவருகிறது. அவ்வெழுத்தை விரித்துக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது அக்கருத்திலிருந்து பிறக்கும் நடைமுறை அறிவுரை. இந்த அறிவுரை இரண்டு வேறு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது என்பது என் வாதம். எழுத்தை விரிப்பது ஒரு செயல். விரித்த பெயருக்கு இன்ன உறவு என்று இடம் குறிப்பது மற்றொன்று. முதற்செயலைச் சான்றுகளைக் கொண்டு செய்ய முடியும். இரண்டாவதற்கு நம் சான்றுகளில் ஆதாரம் இல்லை.

இவ்விவாதத்தின் மையச் சான்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் பெயர் வரி. ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் முதல் பல தேர்வு அமைப்புகள் இந்த வரியையே மூலமாகக் கொள்கின்றன. எடுத்துக்காட்டாக, இராமசாமி என்பவரின் மகள் தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலும் ஊரிலும் அவர் பெயர் ‘இரா. தேன்மொழி’. சான்றிதழின் ஆங்கில வரியிலோ பெரும்பாலும் THENMOZHI R என்று எழுத்து பின்னே நகர்ந்துவிடுகிறது. முந்தைய ஆய்வுகள் இந்த நகர்வைக் குடும்பப்பெயர் உருவாவதன் தொடக்கமாக வாசிக்கின்றன. இயற்பெயர் முன்னும் மற்றொரு கூறு பின்னும் வரும் வடிவம் ஐரோப்பியப் பெயரமைப்பை ஒத்திருப்பதால், பின்னிற்பது குடும்பப்பெயராகவே இருக்கவேண்டும் என்பது அவற்றின் தருக்கம்.

அவ்வாறு வாசிப்பதற்கு அந்த வரி இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. எழுத்து பின்னே போவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. பொதுத்தேர்வுக்குப் பள்ளிகள் அனுப்பும் பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தினால், எழுத்து முன்னிருக்கும் பெயர்கள் தந்தை பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அடுக்கப்படும். தேன்மொழி R-இன் கீழ் போய்விடுவார். எழுத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அவர் தம் பெயரின் கீழேயே இருப்பார். இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வடிவத்தை விளக்க உறவுமாற்றம் எதையும் கற்பிக்கத் தேவையில்லை என்பது இதனால் தெளிவாகும்.

இன்னும் வலுவான சான்று தலைமுறைகளை ஒப்பிடும்போது கிடைக்கிறது. இராமசாமியின் தந்தை கந்தசாமி எனில் அவர் ‘க. இராமசாமி’, மகள் ‘இரா. தேன்மொழி’. தந்தையின் எழுத்து மகளுக்கு இறங்குவதில்லை. மணமான பின் தேன்மொழி கணவர் பெயரின் எழுத்தை ஏற்றால் அவருடைய எழுத்தும் மாறிவிடும். தலைமுறைதோறும் மாறுவதும், ஒருவர் வாழ்நாளுக்குள்ளேயே மாறக்கூடியதுமான ஒன்றை மரபுவழி இறங்கும் குடும்பப்பெயராகக் கொள்ள முடியாது. அது ‘இன்னாரின் மகள்’ என்னும் உறவுக் குறி. விரிவு அறிவுரையைத் தந்தையும் மகளும் அப்படியே பின்பற்றினால், மகளின் பெட்டியில் RAMASAMY என்றும் தந்தையின் பெட்டியில் KANDASAMY என்றும் இருக்கும். இரண்டும் உண்மையே. ஆயினும் குடும்பப்பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் எவருக்கும் இவர்கள் ஒரே குடும்பத்தினராகத் தெரியமாட்டார்கள்.

இரட்டை எழுத்துகள் இவ்வாதத்தை மேலும் உறுதிசெய்கின்றன. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் முதலெழுத்து அவரது ஊரான சீர்காழியின் பழைய ஆங்கில வடிவமான ‘ஷியாலி’யைக் குறிக்கும், இரண்டாவது எழுத்து தந்தை இராமாமிர்தத்தைக் குறிக்கும். எழுத்தை விரித்துக் குடும்பப்பெயராக்கு என்னும் விதியை இங்கே பொருத்தினால் குடும்பப்பெயர் ஊரா, தந்தையா? விதியிடம் விடையில்லை.

இனி, பெட்டிகளில் நிகழ்வதைப் பார்ப்போம். பெயருக்கு ஒரே பெட்டி உள்ள விண்ணப்பத்தில் தேன்மொழி சான்றிதழில் உள்ளபடி THENMOZHI R என்று எழுதினால் போதும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் இயற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் தனித்தனிப் பெட்டிகள் உள்ளன. அங்கே எழுத்தை விரித்தாக வேண்டும். ஆனால் குடும்பப்பெயர்ப் பெட்டியை வெறுமையாக விடலாம். ஆகவே THENMOZHI என்பதை இயற்பெயராகவும் RAMASAMY என்பதைக் குடும்பப்பெயராகவும் பிரிக்கலாம். அல்லது THENMOZHI RAMASAMY முழுவதையும் இயற்பெயர்ப் பெட்டியில் வைக்கலாம். இரண்டுமே ஏற்கப்படுகின்றன. வெளிநாட்டுச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ., டோஃபல் போன்ற தேர்வுகளில் பதிவுப் பெயர் அடையாள ஆவணத்தோடு ஒத்திருக்க வேண்டும். சான்றிதழைப் பார்த்து R என்ற தனியெழுத்தைக் குடும்பப்பெயராக எழுதியவர் கடவுச்சீட்டில் RAMASAMY ஆக இருப்பார். தேர்வுக்கூட வாயிலில் இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை மாணவி மேல் விழும். இன்னொரு வகைப் பிழையும் உண்டு. நாவில் பழகிய வரிசையில் முதற்பெட்டியில் R, இரண்டாவதில் THENMOZHI என்று எழுதினால், மகளின் இயற்பெயரே குடும்பப்பெயராகிவிடும்.

இந்த இரண்டாவது பிழையை வெறும் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. ரங்கநாதன் வகுத்த பட்டியலாக்க முறையில் அவருடைய பெயரே RANGANATHAN (Shiyali Ramamrita) என்று பதிவாகும். இயற்பெயர் பதிவுச்சொல்லாக முன்னிற்க, ஊரும் தந்தை பெயரும் துணைக்கூறாக அடைப்புக்குறிக்குள் அமைகின்றன. எது குடும்பப்பெயர் என்று அம்முறை கேட்பதில்லை. எந்தச் சொல்லின்கீழ் தேடுவார்கள் என்று மட்டுமே கேட்கிறது. தேன்மொழியைத் தேன்மொழி என்றே தேடுவார்கள். அவ்வகையில், பிழையென்று நாம் கருதும் மாணவியின் வரிசை, தேடலின் நோக்கில் நம் அறிவுரையைவிடப் பொருத்தமானது. எனினும் விண்ணப்பத்தில் அப்படி எழுதலாம் என்று பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சீட்டு ஒருமுறை பிரித்துவிட்ட பெயரை, அதைச் சார்ந்த தேர்வுப் படிவத்திலும் அப்படியே பிரிப்பதுதான் மாணவர்க்குப் பாதுகாப்பு.

பிற மாநிலத்தார்போல் நாமும் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டால் என்ன என்பது படிவத்துக்காகப் பெயரை மாற்றச் சொல்வது. அதை நீட்டித்து விவாதிக்கத் தேவையில்லை. ஆதார் இதைத் தீர்த்துவிடும் என்பாரும் உளர். ஆதாரிலும் பெயருக்கு ஒரே வரிதான். R THENMOZHI, THENMOZHI R, THENMOZHI RAMASAMY மூன்றும் அதில் இடம்பெற முடியும். மூலத்தில் இல்லாத தகவலை நகல் தராது.

தலைப்பெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை இங்கே எதிர்பாராத பயன் தருகிறது. R என்பது இராமசாமியாகவும் ரேவதியாகவும் ருக்மணியாகவும் இருக்கலாம், ‘இரா.’ என்னும்போது வாய்ப்புகள் குறுகுகின்றன. ஆனால் குறுகுவதால் மட்டும் ஐயம் தீராது. எழுத்தின் விரிவும், அது தந்தையா, தாயா, கணவரா, ஊரா என்ற குறிப்பும் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலிலேயே பதிவாகிச் சான்றிதழில் தனி வரியாக அச்சாக வேண்டும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகத் திரட்ட வேண்டியது மிகக் குறைவு. அந்த வரி இருந்தால் எந்தப் படிவம் எத்தனை பெட்டிகள் வைத்திருந்தாலும் மாணவி ஊகிக்க வேண்டியதில்லை. அது இல்லாதவரை, குடும்பப்பெயர்ப் பெட்டியைக் கட்டாயமாக்கும் ஒவ்வொரு தேர்வமைப்பும், சான்றிதழ் சொல்லாத ஒரு உறவைப் பதினேழு வயதுப் பெண்ணைக்கொண்டு உறுதிமொழியாக எழுதி வாங்குகிறது.