தூங்க வைக்காத தூக்க மாத்திரை

2006 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு விசித்திரமான விளம்பரம் வந்தது. தூக்கம் வராத ஒருவர் சமையலறைக்குள் வருகிறார். அங்கே ஆபிரகாம் லிங்கனும் பேசும் பீவர் ஒன்றும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் அவருடைய கனவுகளாம். அவர் தூங்காததால் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். விற்கப்பட்ட பொருள் ரோசெரெம் என்ற 8 மில்லிகிராம் மாத்திரை. மருந்தின் பெயர் ராமெல்டியான். பார்த்தவர்களுக்கு லிங்கன் நினைவில் நின்றார், மருந்து நிற்கவில்லை. அதில் நியாயமும் உண்டு. தூக்க மாத்திரை என்றால் போட்ட அரை மணியில் ஆளைச் சாய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இந்த மாத்திரை எதுவுமே செய்யாததுபோல் இருக்கும்.

இதன் பூர்வீகம் தூக்கத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. மாட்டின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பியை அரைத்துத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தால் அவற்றின் தோல் வெளிறிப்போகிறது என்று 1917இல் மெக்கார்ட், ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாற்பது ஆண்டு கழித்து, யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார். வெண்புள்ளி போன்ற நிறமிக் கோளாறுகளுக்கு அதில் வழி கிடைக்குமா என்பது அவர் எதிர்பார்ப்பு. இறைச்சிக் கூடங்களிலிருந்து மலைமலையாக மாட்டுச் சுரப்பிகளை வரவழைத்து, 1958இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து மெலடோனின் என்று பெயர் வைத்தார். மனிதத் தோலுக்கு அது உதவவில்லை. ஆனால் இருட்டிய பிறகுதான் உடலில் அது சுரக்கிறது, வெளிச்சம் பட்டால் அடங்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிவானது.

அது போய் உட்காரும் இடம் 1994இல்தான் பிடிபட்டது. பாஸ்டனில் ஸ்டீவன் ரெப்பர்ட்டின் ஆய்வுக்கூடம் மெலடோனினுக்கான ஏற்பியை முதலில் தவளையின் தோல் செல்களிலிருந்தே எடுத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மனிதரிடமும் அதேபோன்ற இரண்டு ஏற்பிகள் தெரியவந்தன. எம்டி1, எம்டி2 என்று பெயர். இவை நெருக்கமாக இருக்கும் ஒரு முக்கிய இடம், கண் நரம்புகள் மூளைக்குள் ஒன்றையொன்று கடக்கும் முனைக்கு மேலே உள்ள சிறு நரம்புக்கொத்து. உடலின் கடிகாரம் அதுதான். பகல் முழுக்க அது விழிப்புக்கான சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். எம்டி1 வழியாக மெலடோனின் அந்தச் சமிக்ஞையைத் தணிக்கிறது. எம்டி2 வழியாகக் கடிகாரத்தின் முள்ளை நகர்த்துகிறது என்பது பொதுவான கருத்து.

ஊரில் இரவு ஒன்பது மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதினால் யாரும் உடனே தூங்கிவிடுவதில்லை. நேரமாயிற்று என்று தெரிகிறது, அவ்வளவுதான். மெலடோனினின் வேலையும் இதுவே.

அல்பிரசோலம், டயஜெபாம், ஜோல்பிடெம் வகையறா செய்வது வேறு. மூளையின் நரம்புகளை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள் மூளை முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இந்த மருந்துகள் அங்கே போய் காபாவின் பிடியை இறுக்குகின்றன. தூக்கம் வருகிறது, கூடவே நினைவு மங்குகிறது, கால் தடுமாறுகிறது. நாள்பட்டால் மூளை அந்த இறுக்கத்துக்குப் பழகிக்கொள்கிறது. பிறகு திடீரென்று நிறுத்தினால் அடக்கப்பட்டதெல்லாம் ஒரே சமயத்தில் எழுகிறது. பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்பே வரும்.

இந்த இரண்டாவது வழியைத் தொடாமல் ஒரு தூக்க மருந்து செய்ய முடியுமா என்று பார்த்தவர்கள் ஒசாகாவின் டகேடா நிறுவனத்தார். 1781இல் மருந்து வணிகர்கள் நிறைந்த தோஷோமாச்சித் தெருவில் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. மெலடோனினை அப்படியே மருந்தாக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடும். இரத்தத்துக்குப் போய்ச் சேர்வதும் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். டகேடாவின் வேதியியலாளர்கள் மெலடோனினின் நடு வளையத்தில் இருந்த நைட்ரஜனை நீக்கினார்கள். ஓரத்தில் தளர்வாக ஆடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் கையை மடக்கி இன்னொரு வளையமாக இறுக்கிக் கட்டினார்கள். இப்படிக் கிடைத்த டிஏகே-375, மெலடோனினைவிடப் பல மடங்கு இறுக்கமாக எம்டி1, எம்டி2 ஏற்பிகளைப் பிடித்தது. காபாவின் ஏற்பிகளை அது கண்டுகொள்ளவே இல்லை.

ஆனாலும் கல்லீரலை ஏமாற்ற முடியவில்லை. இந்த மாத்திரையின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. விழுங்கிய 8 மில்லிகிராமில் 84 சதவீதம் குடலில் உறிஞ்சப்படுகிறது. ஆனால் உருமாறாமல் இரத்த ஓட்டத்தை எட்டுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதையெல்லாம் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. அப்படிச் சிதைந்ததில் எம்-2 என்ற ஒரு துண்டு மட்டும் வீணாகவில்லை. ஏற்பியைப் பிடிப்பதில் அது தாய் மருந்தைவிடப் பலவீனமானது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு இருபது முதல் நூறு மடங்கு அதிகம், இருக்கும் நேரமும் அதிகம். ஆக, பலனில் ஒரு பங்கு மருந்துடையது, இன்னொரு பங்கு அதன் மிச்சத்துடையது.

இந்தச் சிதைப்பு வேலையில் பெரும்பங்கு சிஒய்பி1ஏ2 என்ற ஒரே நொதியின் கையில் இருப்பதால் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. எண்ணச் சுழற்சி நோய்க்குத் தரப்படும் ஃபுளூவோக்சமைன் அந்த நொதியை முடக்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் உடல் சந்திக்கும் ராமெல்டியானின் அளவு சுமார் 190 மடங்காகிவிடும். அதனால் இவ்விரண்டையும் சேர்க்கவே கூடாது. எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிட்டு ராமெல்டியானின் அளவை ஏறக்குறைய 80 சதவீதம் குறைத்துவிடும். காசநோய் மருந்து எடுப்பவர் இந்த மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் அதில் வியப்பில்லை. எண்ணெயும் நெய்யும் மிதக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உடனே போட்டாலும் மருந்தின் உச்ச அளவு முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும்.

2005 ஜூலையில் அமெரிக்கா இதை அனுமதித்தது. தூக்கம் பிடிக்கத் தாமதமாகும் வகைத் தூக்கமின்மைக்கு மட்டும்தான் அனுமதி. இடையில் விழிப்பவருக்கு அல்ல. அதுவரை அங்கே எழுதப்பட்டுவந்த காபா வகைத் தூக்க மாத்திரைகளெல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் பட்டியலில் இருந்தவை. ராமெல்டியானை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. காரணம் ஒரு சோதனை. மயக்க மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்திய அனுபவமுள்ள 14 பேருக்கு, எது என்ன என்று சொல்லாமல், ராமெல்டியானையும் டிரையசோலத்தையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வழக்கமான அளவைப்போல் இருபது மடங்கு, 160 மில்லிகிராம் வரை போனார்கள். அந்த உச்ச அளவிலும் 11 பேர் ராமெல்டியானை வெற்று மாத்திரை என்றே சொன்னார்கள்.

அந்த நற்சான்றுதான் இதன் குறையும். தூக்கம் பிடிக்கும் நேரத்தைத் தூக்க ஆய்வகக் கருவிகளில் அளந்தபோது வெற்று மாத்திரையைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமானது. நோயாளிகளே சொன்ன கணக்கில் அதுவும் சில நிமிடங்களாகச் சுருங்கியது. ஐரோப்பிய மருந்து ஆணையத்தின் நிபுணர் குழு, இந்த வேறுபாடு நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை என்று 2008இல் கருத்துச் சொன்னது. டகேடா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2010இல் தாய்நாடான ஜப்பான் அனுமதி தந்தது. என் பார்வையில் ஐரோப்பியக் குழு சொன்னதில் தவறில்லை. கடிகாரத்தோடு பேசும் மருந்தை மயக்க மருந்தின் கோலால் அளக்க வைத்தது, அதைத் தூக்க மாத்திரையாகவே விற்கப் புறப்பட்ட நிறுவனம்தான்.

கடை மெலடோனின் இதே ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. வேறுபாடு மருந்தில் மட்டும் இல்லை, புட்டியிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1994இன் சட்டப்படி அது உணவுத் துணைப்பொருள். பிரிட்டனிலும் ஜப்பானிலும் அது மருந்து, கடையில் சும்மா வாங்க முடியாது. கனடாவில் வாங்கிய 31 மெலடோனின் பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், ஒன்றில் சீட்டில் எழுதியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்றில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு இருந்தது. எட்டில் சேர்க்கவே கூடாத செரட்டோனின் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் 25 வகை மெலடோனின் கம்மி மிட்டாய்களைப் பார்த்தார்கள். 22இல் அளவு தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை. அளவு சரியாக இருந்தாலும் 5, 10 மில்லிகிராம் என்பவை உடல் ஓர் இரவில் தானே சுரக்கும் சொற்ப மைக்ரோகிராம்களைவிட மிகமிக அதிகம். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகத் தூக்கம் வராது. எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதே இங்கே முக்கியம்.

இதே குடும்பத்தில் பிறகு வந்த டாசிமெல்டியான் தன் வேலையைச் சரியாகத் தேர்ந்துகொண்டது. பார்வையே இல்லாத சிலருக்கு வெளிச்சத்தின் திருத்தம் கிடைக்காததால் உடல் கடிகாரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். ஒரு வாரம் இரவில் தூக்கம், சில வாரம் கழித்துப் பகலில். 2014இல் அந்தக் கோளாறுக்கென்றே அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. அகோமெலட்டின் ஐரோப்பாவில் மனச்சோர்வு மருந்தாகப் போனது. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே தர வேண்டிய மருந்து அது.

ராமெல்டியானுக்கும் இரண்டாவது வாழ்வு ஒன்று ஜப்பானில் வாய்த்தது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவர்களுக்கு இரவில் இடம் காலம் தெரியாமல் குழம்பும் நிலை வருவதுண்டு. மயக்க மருந்து கொடுத்தால் அது இன்னும் மோசமாகும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 67 முதியவர்களில் பாதிப்பேருக்கு ஏழு நாள் ராமெல்டியான் கொடுத்தார்கள். அவர்களில் 3 சதவீதத்தினரே குழம்பினார்கள், வெற்று மாத்திரை போட்டவர்களில் 32 சதவீதத்தினர். பிறகு நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை.

கடைசியாக, நடைமுறையில் அடிக்கடி தவறாகிப்போகும் ஒன்று. பத்தாண்டாக இரவில் அல்பிரசோலம் போட்டுவரும் ஒருவர், பழக்கமாகாத மாத்திரை இது என்று கேள்விப்பட்டு, ஒரே நாளில் ராமெல்டியானுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரவே தூக்கம் போய்விடும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். புது மருந்துதான் இப்படிச் செய்கிறது என்று அவர் நினைப்பார். உண்மையில் அது பழைய மருந்து நின்றதன் விளைவு. ராமெல்டியான் காபா ஏற்பியைத் தொடுவதில்லை, ஆகவே அங்கே விழுந்த வெற்றிடத்தை நிரப்பவும் அதால் முடியாது. அல்பிரசோலத்தை மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ராமெல்டியானின் அளவு 8 மில்லிகிராம்தான். பலிக்கவில்லை என்று நீங்களாக இரண்டாவது மாத்திரையைப் போடாதீர்கள்.